பெங்களூரில் ஜாம் காய்ச்சுகிறவர்கள் 105 டிகிரிக்குக் காத்திருக்க வேண்டாம்

*அல்சூரில் பதினைந்து வருடமாக வீட்டிலேயே ஜாம் காய்ச்சி விற்கும் ஒரு அம்மாள், அக்கம்பக்கத்துத் தமிழர்கள் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்கள்.*

ஜே.பி. நகரிலிருந்து: அக்கா, மும்பை மாதுங்காவில் இருக்கும் என் தங்கை தெர்மாமீட்டரில் 105 வந்ததும் இறக்குகிறாள், அருமையாக வருகிறது. நானும் அதே அளவுதான், அதே 105தான். எனக்கு மட்டும் மிட்டாய் மாதிரி ஸ்பூன் இறங்காமல் போகிறது. சர்க்கரை அதிகமா?

சர்க்கரை சரிதான், ஊர்தான் வேறு. மாதுங்கா கடல் மட்டத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். நாம் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், இங்கே 97லேயே கொதித்துவிடும். ஜாமுக்கு 104, 105 என்று எழுதி வைத்திருப்பதெல்லாம் கடல் மட்டத்துக் கணக்கு. அதை 'தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் நாலு, நாலரை டிகிரி' என்று படித்துக்கொள்ளுங்கள். நூறு பங்கு கலவையில் 65 பங்குக்குக் கொஞ்சம் மேலே சர்க்கரையாகும்போது அந்த நாலு டிகிரி ஏறும். அப்படியென்றால் நமக்கு 101, மிஞ்சினால் 101.5.

நீங்கள் 105க்குக் காத்திருந்ததால் எட்டு டிகிரி ஏற்றிவிட்டீர்கள். அதற்குள் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரையாகிவிட்டிருக்கும். அது மிட்டாய்தான், வேறென்ன. தெர்மாமீட்டரையும் முழுக்க நம்பாதீர்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் வைத்துப் பாருங்கள். 96 காட்டினால் 100தான் உங்கள் எல்லை, 98 காட்டினால் 102. முனை பாத்திரத்தின் அடியில் முட்டக்கூடாது, முட்டினால் பாத்திரத்தின் சூட்டைக் காட்டிவிடும்.

அல்சூரிலேயே, பக்கத்துத் தெரு: எதற்கு இந்தத் தெர்மாமீட்டர் எல்லாம்? என் மாமியார் கம்பிப் பதம் பார்த்துத்தான் இறக்குவார்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. கம்பிப் பதம் சர்க்கரை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைச் சொல்லும். மைசூர்பாகுக்கு அது போதும். ஜாமில் சர்க்கரை மட்டும் இல்லையே. பழத்திலிருந்து இறங்கிய பெக்டின் ஆறும்போது வலை மாதிரி பின்னிக்கொண்டால்தான் ஜாம் நிற்கும். அந்த வலை பின்னுமா என்பது சூடாக இருக்கும்போது விரலில் தெரியாது. பெக்டின் குறைந்த ஸ்ட்ராபெரியில் கம்பி அழகாக வரும், மறுநாள் பார்த்தால் பாட்டிலில் பாகுதான் இருக்கும். அதனால் குளிர்ந்த தட்டில் விட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

கோரமங்கலாவில் தனியாக இருக்கும் தம்பி: ஆன்ட்டி, அந்தத் தட்டு சோதனையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். ஒரு தடவை தட்டில் நன்றாக உறைந்தது, பாட்டிலில் உறையவே இல்லை.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்னாலேயே இரண்டு மூன்று சின்னப் பீங்கான் தட்டுகளை ஃப்ரீசரில் வைத்துவிடு. கால் மணி நேரம் போதும். எவர்சில்வர் தட்டும் ஆகும், ஆனால் சூடான ஜாம் பட்டதும் அதன் குளிர்ச்சி சட்டென்று போய்விடும். எனக்குப் பீங்கான்தான் கைக்கு வந்தது.

பதம் நெருங்கியதும் அடுப்பை அணைத்துவிடு. இதைத்தான் பாதிப்பேர் செய்வதில்லை. நீ தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இரண்டு நிமிடத்தில் அங்கே கொதித்து ஒரு டிகிரி ஏறிவிடும். ஒரு டீஸ்பூன் ஜாமைத் தட்டில் விட்டு, ஃப்ரீசரில் இல்லாமல் கீழே ஃப்ரிட்ஜில் ஒரு நிமிடம் வை. வெளியே எடுத்து விரலால் மெல்லத் தள்ளு. மேலே பாலாடை மாதிரி சுருங்கி, விரல் போன தடம் மூடாமல் நின்றால் ஆச்சு. திரும்ப ஓடிவந்து சேர்ந்தால் இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, புதுத் தட்டில் பார்.

உனக்கு என்ன ஆனது என்றால், ஒருவேளை சொட்டை ஃப்ரீசருக்குள்ளேயே வைத்திருப்பாய். அங்கே வைத்தால் எந்தப் பாகும் இறுகத்தான் செய்யும். இல்லையென்றால் பாட்டிலை அன்றைக்கே சாய்த்தும் குலுக்கியும் பார்த்திருப்பாய். வலை பின்னும்போது கலைத்தால் திரும்பப் பின்னாது. ஒரு முழு நாள் தொடாமல் விடு.

ஹெப்பால் பக்கம்: நான் அல்வா மாதிரி கை விடாமல் அரைமணி நேரம் கிண்டினேன். கை வலித்ததுதான் மிச்சம், நிறமும் கருத்துப்போனது.

அல்வா வேறு, ஜாம் வேறு. சர்க்கரை கரையும்வரை சிறு தீயில் கிண்டவேண்டும், அடியில் ஒரு பரல்கூடக் கரகரக்கக்கூடாது. கரைந்ததும் தீயைக் கூட்டி, கிண்டுவதைக் குறையுங்கள். சும்மா கிண்டிக்கொண்டே இருந்தால் சூடு இறங்கி, கொதி நின்று, நேரம்தான் இழுக்கும். நேரம் இழுத்தால் நிறமும் மணமும் போகும், பெக்டினும் சிதையும். கடைசி நாலைந்து நிமிடம், குமிழி பெரிதாகிப் 'புளுக் புளுக்' என்று வெடிக்க ஆரம்பிக்கும்போது, மரக்கரண்டியால் அடியைத் தடவிக் கொடுங்கள். அந்த நேரத்தில்தான் ஜாம் அடிபிடிக்கும்.

அதே அம்மா: இப்போது வண்டியில் விற்கிற கறுப்புத் திராட்சையில் செய்யலாமா? அளவு சொல்லுங்கள்.

நம் ஊர் நீலத் திராட்சையா? அதைவிட நல்லது ஏது. புளிப்பும் இருக்கிறது, தோலில் பெக்டினும் இருக்கிறது. ஒரு கிலோவை அரை டம்ளர் தண்ணீரோடு பத்து நிமிடம் வேகவைத்து, மசித்து, விதை தோல் நீங்க வடிகட்டுங்கள். சர்க்கரை இப்போது வேண்டாம், முதலிலேயே போட்டால் தோல் விறைத்துப் பெக்டின் சரியாக இறங்காது. வடிகட்டியது சுமார் 750 கிராம் வரும். அதற்கு 600 கிராம் சர்க்கரை, அரை எலுமிச்சைச் சாறு. அகலப் பாத்திரத்தில், கொதி வந்தபின் 12 முதல் 15 நிமிடத்தில் பதம் வந்துவிடும்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் தராசு இருக்கிறதா? திராட்சையின் சொந்தச் சர்க்கரை நூறு, நூற்றுப்பத்து கிராம் என்று வைத்தால், மொத்தம் 710 கிராம் சர்க்கரை. அது 65 பங்காக வேண்டும் என்றால் ஜாம் ஏறக்குறைய 1100 கிராமில் நிற்கவேண்டும். வெறும் பாத்திரத்தை முதலிலேயே நிறுத்து வையுங்கள். பாத்திரம் 900 கிராம் என்றால், மரப்பலகை போட்டுத் தராசில் வைக்கும்போது பலகை நீங்கலாக 2 கிலோ காட்டினால் இறக்கலாம். இந்தக் கணக்குக்கு மும்பையும் ஒன்றுதான், பெங்களூரும் ஒன்றுதான்.

ஒயிட்ஃபீல்டு: அப்பாவுக்குச் சுகர். சர்க்கரையைப் பாதியாக்கி அதே 101க்கு வைத்தால் போதுமா?

பாதிச் சர்க்கரை போட்டு 101 வரை காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும். கடைசியில் அளவு குறைந்து, அதே 65 பங்குச் சர்க்கரையில் வந்து நிற்பீர்கள். முன்னாலேயே இறக்கினால் இளகித்தான் இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் முடிக்கவேண்டும், வெளியே வைத்தால் பூசணம் பிடிக்கும். குறைந்த சர்க்கரையில் கால்சியத்தோடு சேர்ந்து இறுகுகிற ஒரு வகைப் பெக்டின் உண்டு. நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை நன்றாக வந்தது, இன்னொரு தடவை ரப்பர் மாதிரி ஆகி நீர் விட்டது. ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள். அப்புறம், பழத்திலும் சர்க்கரை இருக்கிறது. அப்பாவுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.