ரோலிங் ஹேஷ்ல ஹேஷ் ஒண்ணா வந்தா மேட்ச்னு எழுதிடலாமா?

"எக்ஸாம்ல ராபின்-கார்ப் கணக்குல ஹேஷ் வேல்யூ சேம்னா மேட்ச்னு எழுதலாமா, கொலிஷன் வந்தா என்ன பண்றது?"

எழுதக்கூடாதுங்க, ஹேஷ் ஒத்துப்போனா ஒவ்வொரு கேரக்டரா செக் பண்ணிட்டுத்தான் மேட்ச்னு சொல்லணும். டெக்ஸ்ட் 401831, பேட்டர்ன் 31, மாட் 13னு வெச்சுக்கோங்க. 31ஓட ஹேஷ் 5. டெக்ஸ்ட்ல ரெண்டு ரெண்டு டிஜிட்டா நகர்ந்தா 40க்கு 1, 01க்கு 1, அப்புறம் 18, 83, 31 மூணுக்குமே 5 வருது! செக் பண்ணா 18லயும் 83லயும் முதல் டிஜிட்டே ஒத்து வராது, அது ரெண்டும் ஸ்பூரியஸ் ஹிட், கடைசி 31 மட்டும்தான் நிஜ மேட்ச். கொலிஷனால வீண் செக்கிங்தான் கூடும், நிஜ மேட்ச் தவறாது.

மேட்ச் தவறுதுன்னா பெரும்பாலும் மைனஸ்லதான் தப்பு இருக்கும். 83லேருந்து 31க்கு நகரும்போது 8ஐ கழிக்கணும், அதாவது 5 - 80 = -75. சி-ல `-75 % 13` போட்டா -10 வரும், அதை அப்படியே விட்டு மேல போனா ஹேஷ் -8 ஆயிடும், 5 கூட ஒத்துப்போகாது, மேட்ச் போச்சு. அதனால 13 கூட்டி 3 ஆக்கிடுங்க:

```
x = (h - 10*d) % 13;
if (x < 0) x += 13;
h = (x*10 + c) % 13;
```

இதுல `d` வெளிய போற டிஜிட், `c` உள்ள வர்றது. 3*10+1 = 31, ஹேஷ் 5, சரியா வந்துடுச்சு. எல்லா இடத்துலயும் ஹிட் ஆனா டைம் O(nm) வரைக்கும் போகும், அதையும் ஒரு வரி எழுதிடுங்க.