பொண்ணு எழுதுன ப்ராஜெக்ட் கதையை என்ன பண்றது? ஒரு அப்பாவுக்கு பதில்

ராமநாதபுரம் பக்கத்துல இருந்து ஒரு அப்பா எழுதியிருந்தாரு (அடையாளம் தெரியாம இருக்க சில விவரம் மாத்தியிருக்கேன்). பொண்ணு அரசு கலைக் கல்லூரில பி.எஸ்ஸி. தாவரவியல் ரெண்டாம் வருஷம். உப்புத் தண்ணில பாசிப்பயறு எப்படி முளைக்குதுன்னு வீட்லயே தானா ஒரு ப்ராஜெக்ட் பண்ணி பதினோரு பக்கம் எழுதி வச்சிருக்கு. ஆனா அவரோட மச்சான் "பாட்டனி படிச்சு என்ன ஆகப்போகுது, நிறுத்திட்டு தனியார் பல்கலைக்கழகத்துல பயோடெக் இன்ஜினியரிங் சேத்துவிடுங்க, வீட்டுப் பத்திரத்த வச்சா கடன் கிடைக்கும்"னு தினம் போன் பண்றாராம். இன்னொருத்தர் அந்த ப்ராஜெக்ட்ட 15,000 ரூபா கட்டுனா இன்டர்நேஷனல் ஜர்னல்ல போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காரு. என்ன பண்றதுன்னே தெரியல சார், தூக்கமே வரலன்னு எழுதியிருக்காரு.

சார், உங்க பயம் புரியுது. ஆனா நேராவே சொல்லிடறேன், வீட்டுப் பத்திரத்த பேங்க் வாசல் வரைக்கும் கூட கொண்டு போகாதீங்க. ரெண்டு வருஷப் படிப்ப தூக்கிப் போட்டுட்டு நாலு வருஷம் மறுபடி முதல்ல இருந்து படிக்க அந்தப் பொண்ணு கேக்கல, மச்சான்தான் கேக்கறாரு. பேர்ல இன்ஜினியரிங்னு இருக்கறதுக்காக குடியிருக்கற வீட்ட அடகு வைக்கிறதுல எனக்கு துளி கூட சம்மதம் இல்ல. 15,000 ரூபாயும் கட்டாதீங்க, காச வாங்கிட்டு எதையும் போடற இதழ்ல பேர் வந்தா நாளைக்கு இன்டர்வியூல உக்காந்திருக்கற பேராசிரியர் அந்த இதழ் பேர பாத்ததுமே கண்டுபிடிச்சிருவாரு, அது பொண்ணுக்குத்தான் கெட்ட பேரு.

கையில இருக்கற அந்த பதினோரு பக்கத்த யாருமே மதிக்கல, அதான் எனக்கு வருத்தம். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ்ல இருக்கற மூணு அறிவியல் அகாடமிகளும் சேந்து கோடை ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்னு ஒண்ணு நடத்துறாங்க, தேர்வானா ரெண்டு மாசம் ஒரு நல்ல ஆய்வகத்துல உதவித்தொகையோட வேலை பாக்கலாம். எந்த வருஷத்துப் பசங்க போடலாம்னு அறிவிப்புல பாத்துக்கோங்க. அதுக்கும் சரி, பின்னாடி எம்.எஸ்ஸி. இன்டர்வியூக்கும் சரி, "நீ என்ன பண்ணிருக்க"ன்னு கேட்டா நீட்டறதுக்கு ஒரு ஒழுங்கான ரிப்போர்ட் வேணும். இப்ப இருக்கறது கதை. அத அறிமுகம், செய்முறை, முடிவுகள், விவாதம்னு நாலு பகுதியா மாத்தணும், இம்ராட்னு சொல்ற அமைப்பு. மருத்துவ இதழ்கள்ல 1940கள்ல மெல்ல வர ஆரம்பிச்சு 1980கள்ல கிட்டத்தட்ட எல்லாக் கட்டுரையும் இப்படித்தான்னு ஆயிடுச்சு, மத்த அறிவியல்லயும் பெரும்பாலும் இதான் வழக்கம். இதுக்கு பைசா செலவு இல்ல. இனிமே எழுதறது பொண்ணுக்கு, பக்கத்துல உக்காந்து படிக்கச் சொல்லுங்க.

பாப்பா, உன் கதைய முழுசா படிச்சேன். அப்பத்தா வீட்டு போர் தண்ணி உப்பாயிடுச்சு, அவங்க போட்ட பயறு சரியா முளைக்கல, நீ மொதல்ல தொட்டில வளத்துப் பாத்த, வெயில்ல எல்லாம் வாடிருச்சு, அப்புறம் பிளாஸ்டிக் டப்பால டிஷ்யூ பேப்பர் விரிச்சு முளைப்ப மட்டும் பாக்கலாம்னு மாறின, ஒரு டப்பாவ எறும்பு தின்னுருச்சு, கடைசில "உப்பு விதைய முளைக்க விடாதுன்னு நிரூபிச்சிட்டேன்"னு முடிச்சிருக்க. கதை நடந்த வரிசைல போகுது. ரிப்போர்ட் படிக்கறவருக்கு அந்த வரிசை வேணாம், அவருக்கு நாலே கேள்விதான், ஏன் பண்ண, எப்படி பண்ண, என்ன வந்துச்சு, அதுக்கு என்ன அர்த்தம். நிறைய பேரு "நான்"ங்கறத எல்லாம் அடிச்சிட்டு "செய்யப்பட்டது"ன்னு போட்டா இம்ராட் ஆயிடும்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல. இப்ப "நான்", "நாங்கள்"னு எழுதறத பல இதழ்கள் ஏத்துக்குது. வாக்கியம் எங்க உக்காருதுங்கறதுதான் விஷயம்.

அதனால மொதல்ல எதையும் திருத்தாத. நாலு கலர் ஸ்கெட்ச் எடுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது எந்தக் கேள்விக்கு பதில்னு பாத்து கோடு போடு. உன் கதைல "மூணாம் நாள் காலைல பாத்தா மழைத்தண்ணி டப்பால எல்லாமே முளை எட்டிப் பாத்துச்சு, போர் தண்ணில உப்பு இருக்கறதால பாதி அப்படியே கெடந்துச்சு"ன்னு ஒரு வரி இருக்கு. இதுல மூணு கலர் வரும். மூணாம் நாள் எண்ணுனது செய்முறை, எவ்ளோ முளைச்சுதுங்கறது முடிவு, "உப்பு இருக்கறதால"ங்கறது விவாதம். இந்த மாதிரி வரிய உடைக்கறதுதான் மொத்த வேலைல பாதி.

எழுதும்போது செய்முறைல ஆரம்பி, ஏன்னா அதுல யோசிக்க ஒண்ணும் இல்ல, நோட்டுல இருக்கறத எடுத்து வைக்கணும் அவ்ளோதான். உன் நோட்ட வச்சு நானே ஒரு பத்தி எழுதிப் பாத்தேன்: "மழைநீர், ஆழ்துளைக் கிணற்று நீர், இரண்டும் சரிபாதி கலந்த நீர் ஆகிய மூன்றும் பயன்படுத்தப்பட்டன. டிடிஎஸ் மீட்டரில் இவற்றின் அளவு முறையே 40, 3,200, 1,650 பிபிஎம். ஒவ்வொரு நீருக்கும் நான்கு டப்பாக்கள், டப்பாவுக்கு 25 விதைகள். மூன்றாம் நாள் காலை, முளை வெளியே தெரிந்த விதைகள் எண்ணப்பட்டன." குடிநீருக்கு இந்தியத் தரத்துல வேற வழி இல்லாதப்போ ஏத்துக்கற உச்ச அளவே 2,000 தான், அதனால அந்த 3,200ங்கற எண் படிக்கறவருக்கு நிறைய சொல்லும்.

இங்க ஒரு இடத்துல நீ வழுக்குவ. மத்த கட்டுரைகள்ல "வேர்முனை 2 மில்லிமீட்டர் நீண்டால் முளைத்ததாகக் கொள்ளப்பட்டது"ன்னு இருக்கும், பாத்தா அழகா இருக்கும், நீயும் போடலாம்னு தோணும். நீ ஸ்கேல் வச்சு அளக்கல, அதனால போடக்கூடாது. கண்ணால பாத்து எண்ணுனா "கண்ணுக்குத் தெரிந்த"ன்னுதான் எழுதணும். வெப்பநிலையும் அப்படித்தான், ரெண்டு நாள்தான் குறிச்சிருக்கன்னா ரெண்டு நாள்னே எழுது. செய்முறை சரியா இருக்கான்னு பாக்க உன் கிளாஸ்ல ஒரு தோழிகிட்ட அந்தப் பத்திய மட்டும் குடுத்து "இத வச்சு நீ திரும்ப செய்ய முடியுமா"ன்னு கேளு. எத்தனை மில்லி ஊத்தணும், எந்தக் கடை விதை, டப்பாவ மூடுனியா தொறந்து வச்சியான்னு அவ கேக்கற ஒவ்வொரு கேள்வியும் நீ விட்டுப்போன ஒரு வரி.

எறும்பு சமாச்சாரத்த வெக்கப்பட்டு மறைச்சிராத. போர் தண்ணில நாலு டப்பா வச்சு மூணுதான் மிஞ்சுச்சுன்னா "ஒரு டப்பா எறும்பால் சேதமானதால் கணக்கில் சேர்க்கப்படவில்லை"ன்னு ஒரு வரி கண்டிப்பா வரணும். எறும்பு வந்தப்ப நீ அழுதது, அம்மா மஞ்சத்தூள் போட்டது எல்லாம் போயிடும். தொட்டி வாடிப்போன கதையும் அதே மாதிரி ஒரே வரிதான்.

முடிவுகள் பகுதி சின்னதா இருக்கட்டும். ஒரு அட்டவணை, அதுக்கு மேல மூணு நாலு வரி. உன் எண்கள் இப்படி வருது: மழைநீர் 24, 23, 24, 22, மொத்தம் 100க்கு 93. கலந்த நீர் 21, 20, 22, 20, மொத்தம் 100க்கு 83. போர் தண்ணி 17, 15, 19, அதாவது 75க்கு 51, சதவீதத்துல 68. நீ கதைல "பாதி"ன்னு எழுதியிருந்த பாரு, நிஜத்துல மூணுல ரெண்டு பங்கு முளைச்சிருக்கு, ஞாபகத்துல இருந்து எழுதுனா இப்படித்தான் பெருசாகும். சராசரிய மட்டும் போடாம டப்பாவுக்கு டப்பா எண்ணையும் போடு, போர் தண்ணில 15ல இருந்து 19 வரைக்கும் ஆடுது, மழைநீர்ல அவ்ளோ ஆடலன்னு படிக்கறவரே பாத்துக்குவாரு. இன்னொண்ணு, உன்கிட்ட 100 விதை இருக்கறதால 100 தடவ சோதிச்சதா அர்த்தம் இல்ல. ஒரு டப்பால இருக்கற 25 விதைக்கும் ஒரே ஈரம், ஒரே சூடு, அதனால கணக்குக்கு மழைநீருக்கு 4, போர் தண்ணிக்கு 3, அவ்ளோதான். இத நீயே எழுதிட்டா வைவால கேக்கறதுக்கு பாதி கேள்வி இருக்காது. இந்தப் பகுதில எங்கயாவது "ஏன்னா", "அதனால"ன்னு வந்தா அந்த வரிய தூக்கி கீழ விவாதத்துல போடு.

விவாதத்துலதான் உன் "நிரூபிச்சிட்டேன்" வருது, அத எடுத்துரு. உப்பு கூடுனா விதையால தண்ணிய இழுக்க முடியாது, அது ஒரு காரணமா இருக்கலாம். சோடியமும் குளோரைடும் உள்ள போய் நஞ்சா வேலை செய்யறது இன்னொரு காரணமா இருக்கலாம். உன் சோதனைய வச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது, பிரிக்கணும்னா உப்பே இல்லாம அதே அளவு தண்ணி இழுக்க கஷ்டம் குடுக்கற ஒரு கரைசல், மானிட்டால் மாதிரி ஒண்ணுல, இன்னொரு வரிசை வச்சிருக்கணும். அதோட டிடிஎஸ் மீட்டர் தண்ணில கரைஞ்சது எவ்ளோன்னு தோராயமா சொல்லுமே தவிர என்ன கரைஞ்சிருக்குன்னு சொல்லாது. அதனால "உப்பு"ன்னு அடிச்சு சொல்லாம "இந்தக் கிணற்று நீரில் முளைப்பு குறைந்தது, நீரைப் பாதியாகக் கலந்தபோது குறைவு சிறிதாக இருந்தது"ன்னு ஆரம்பி, காரணத்த "இருக்கலாம்"னு வை. மூணாம் நாளோட நிறுத்துனதும் ஒரு குறைதான், அஞ்சாம் ஆறாம் நாள் மெதுவா முளைச்சிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்காது. அதாவது முளைப்பு குறைஞ்சுதா இல்ல தாமதமாச்சான்னே இப்ப சொல்ல முடியாது. ஃபெல்லோஷிப்புக்கு என்ன பண்ண ஆசைன்னு கேட்டா இதையே எழுது, நீ நிஜமாவே தெரிஞ்சுக்க நினைக்கறது அதான்னு உன் பதினோரு பக்கத்துலயே தெரியுது.

அறிமுகத்த கடைசியா எழுது. அப்பத்தா வீட்டுக் கிணறு இங்க வரலாம், ஆனா "கடலோரக் கிராமங்களில் நிலத்தடி நீர் உப்பாவது பயறு விதைப்பைப் பாதிக்கிறது"ங்கற மாதிரி பொது விஷயமா, அதுக்கு ஆதாரமான ரெண்டு மூணு பழைய ஆய்வ நூலகத்துல நீயே தேடிப் படிச்சிட்டு அவங்க பாக்காதது என்னன்னு சொல்லி, கடைசி வரில உன் கேள்விய வை. முடிவு தெரிஞ்சப்புறம் எழுதறதால "முளைப்பு குறையும்னு முன்னாடியே எதிர்பார்த்தேன்"னு எழுத கை போகும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தேதி போட்டு நோட்டுல அப்படி எழுதியிருந்தா மட்டும் போடு, இல்லன்னா வெறும் கேள்வியாவே இருக்கட்டும்.

சார், மறுபடி உங்களுக்கு ஒண்ணு. முதல் பக்கத்துல மச்சான் பேரையோ ஜர்னல் புரோக்கர் பேரையோ சேக்கச் சொல்லி யாராவது கேட்டா ஒத்துக்காதீங்க. கல்லூரில உண்மையா வழிகாட்டுன ஆசிரியர் இருந்தா அவங்ககிட்ட வரைவ குடுத்து, பேர் எப்படி வரணும்னு அவங்களயே கேட்டுக்கட்டும். மீட்டர் கடன் குடுத்தவருக்கும் டப்பா எண்ண உதவுன தம்பிக்கும் கடைசில ஒரு வரி நன்றி போட்டா சரியா இருக்கும்.