அப்பாவின் எஃப்டி வட்டி: பாதியை அம்மா பெயருக்கு மாற்றலாமா?

"அப்பாவுக்கு 68 வயது. பென்ஷன் வருடம் 6 லட்சம், ஒரே வங்கியில் எஃப்டி வட்டி 4.5 லட்சம். வட்டியில் 10% டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். பாதியை அம்மா பெயருக்கு மாற்றினால் வரி குறையுமா?"

குறையாது. கணவர் மனைவிக்குக் கொடுத்த பணத்தில் வரும் வட்டி கணவர் வருமானத்தோடுதான் சேரும். அந்த வட்டியை அம்மா மறுபடி போட்டு வரும் வட்டிதான் அவர் கணக்கு.

ஆனால் 2025-26 நிதியாண்டுக்கு உங்களுக்கு அந்தச் சிக்கலே வேண்டாம். புதிய வரி முறையில் பென்ஷனில் 75,000 நிலைக்கழிவு போக 5.25 லட்சம், வட்டியோடு 9.75 லட்சம். 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யம். பழைய முறையில் பென்ஷனில் 50,000 நிலைக்கழிவும், மூத்த குடிமக்களின் வட்டிக்கான 80டிடிபி கழிவின் 50,000-உம் கழித்தும், வேறு கழிவு இல்லையென்றால், சுமார் 1.04 லட்சம் வரி வரும். 80டிடிபி போகிறதே என்று பழையதிலேயே இருப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

பிடித்த டிடிஎஸ் திரும்ப வரும். பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதிய முறையில் ரிட்டர்ன் போடுங்கள். வரி பூஜ்யம் என்பதால், வருட ஆரம்பத்திலேயே வங்கியில் வரி பிடிக்க வேண்டாம் என்று 15எச் படிவம் கொடுத்திருந்தால் பிடித்தே இருக்க மாட்டார்கள்.

மூத்த குடிமக்களுக்கு டிடிஎஸ் வரம்பு ஒரு வங்கிக்கு வருட வட்டி 1 லட்சம். அதற்காகப் பல வங்கிகளில் பிரித்தால் பிடித்தம் நிற்கும், வரி அப்படியேதான் இருக்கும். பிரிப்பதற்கு நல்ல காரணம் வேறு: டெபாசிட் காப்பீடு ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான்.

அப்புறம், முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் எஃப்டி இருந்தால், அதையும் வருடாவருடம் கணக்கில் காட்டுங்கள். கடைசி வருடத்தில் மொத்தமாகக் காட்டினால் 12 லட்சத்தைத் தாண்டிவிடலாம்.