தேசிக் கன்றும் பல்கலைக்கழக விண்ணப்பமும்

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். கோண்டாவிலில் எட்டு வருடங்களாக வீட்டுத் தோட்டம் செய்கிறேன். பிரித்தானியாவில் தாவர விஞ்ஞானம் படிக்க விண்ணப்பிக்கும்போது இதை எப்படிக் காட்டுவது? முகவர் ஒருவர் தோட்டக்கலைச் சான்றிதழ் எடுக்கச் சொல்கிறார்.

பதில்: அந்தச் சான்றிதழுக்குக் காசு கொடுக்காதீர்கள். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் யூகாஸ் அமைப்பின் விண்ணப்பத்தில் அதை இணைக்க இடமில்லை. 2026 அனுமதியிலிருந்து சுயவிளக்கம் மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகள் உட்பட, 4,000 எழுத்துகளே அனுமதி. பாடசாலைக்கு வெளியே செய்தவற்றைக் கேட்பது மூன்றாவது கேள்வி. தோட்டத்தை அங்கே எழுதுங்கள்.

எட்டு வருடம் என்பதோ, பொறுமையைக் கற்றேன் என்பதோ எதையும் நிரூபிக்காது. நீங்கள் கவனித்து, காரணம் ஊகித்து, சோதித்துப் பார்த்த ஒரேயொரு பிரச்சினையை எடுங்கள். உதாரணமாக, தேசிக் கன்றின் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதை நீங்கள் கண்டிருக்கக்கூடும். தழைச்சத்துக் குறைவென்றால் முதிர்ந்த இலைகளே முதலில் வெளிறும். ஆகவே இது இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். சுண்ணாம்புக் கல்லிலிருந்து வரும் நமது கிணற்றுத் தண்ணீர் மண்ணைக் காரமாக்க, மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதை எடுக்க முடியாமற் போகிறது. இதைச் சோதிக்க, ஒரே மண்ணும் ஒரே வயதுக் கன்றும் கொண்ட நான்கு சாடிகளில் இரண்டுக்குக் கிணற்றுத் தண்ணீரும் இரண்டுக்குச் சேமித்த மழைத் தண்ணீரும் விட்டு, வாரந்தோறும் புதிய இலைகளைப் படமெடுத்துத் திகதியுடன் குறித்து வையுங்கள். பிறகு, நான்கு சாடி போதாது என்பதையும், இரு தண்ணீருக்கும் சுண்ணாம்பைத் தவிர வேறு வேறுபாடுகளும் உண்டு என்பதையும் நீங்களே எழுதுங்கள். தன் முடிவின் எல்லையை அறிந்த மாணவியைத்தான் தேர்வாளர்கள் தேடுகிறார்கள். செய்யாத சோதனையை மட்டும் எழுத வேண்டாம். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

முகவர்கள் எழுதித் தரும் சுயவிளக்கம் இதைவிட ஆபத்தானது. ஒரே பந்தியைப் பலருக்கு விற்பார்கள். யூகாஸ் ஒவ்வொன்றையும் பழைய விண்ணப்பங்களோடு ஒப்பிட்டு, ஒற்றுமை கண்டால் பல்கலைக்கழகத்துக்கு அறிவித்துவிடும். அப்போது பதில் சொல்ல முகவர் வரமாட்டார்.

உள்ளூர் அரச பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிப்பீர்களாயின், அங்கே இசட் புள்ளிக்கு அப்பால் உங்கள் தோட்டத்தை வாசிக்க ஆளில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. புறக்கிருத்தியங்களில் மிகச் சிறந்து விளங்கியோருக்குச் சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஆனால் அது தேசிய, சர்வதேச மட்டச் சாதனைகளுக்கானது. தேசிய சதுரங்க வெற்றியாளர் கேட்கலாம், வீட்டில் தேசி வளர்த்தவர் கேட்க முடியாது. தோட்டத்தைக் காட்டி அந்த வழியில் இடம் வாங்கித் தருவதாக எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளை எதைக் கவனித்தது என்று ஒரு வரியேனும் கேட்காதது நமது அனுமதி முறை. அதை மாற்றும்படி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

யூகாஸுக்குப் பரிந்துரை எழுதப்போகும் உயிரியல் ஆசிரியரிடம் அந்தக் குறிப்புக் கொப்பியை இப்போதே காட்டுங்கள். அவர் கண்ணால் பார்த்திருந்தால்தான் தமது பரிந்துரையில் அதைக் குறிப்பிட முடியும்.