மளிகை பில் டபுள் ஆச்சு, விலை டபுள் ஆச்சா?

கேள்வி: சார், 2020 ஜூன்ல மளிகை 5,000 ரூபா, 2025 ஜூன்ல 10,200. 2022ல இருந்து தம்பி வீட்டு சாமானும் என் பில்லுலதான் வருது. கார்டுல போட்டு மினிமம் மட்டும் கட்டறேன், 40,000 பாக்கி நிக்குது. பணவீக்கத்தை ஜெயிக்கற பாலிசின்னு ஒருத்தர் சொல்றார், சேரலாமா? அஞ்சு வருஷ பில்லும் அனுப்பியிருக்கேன்.

பதில்: பாலிசி இப்ப வேணவே வேணாம். முதல்ல பில்லைப் பாருங்க.

2020ல வாங்கின அதே சாமானை, அதே அளவுல எடுத்து 2025 விலை போட்டுப் பார்த்தேன். சன்ஃப்ளவர் ஆயில் பாக்கெட் இப்ப 140 ரூபான்னு இருக்கு, ஆனா அது 850 கிராம், அப்ப வாங்கினது 910 கிராம், அந்த அளவுக்கு மாத்தினா 150 வருது, இப்படி பாக்கெட் சுருங்கினதையும் சேர்த்துதான் கணக்கு. மொத்தம் 6,900. அதாவது அஞ்சு வருஷத்துல 38 சதவீதம், வருஷத்துக்கு சுமார் ஆறரை. நடு வருஷ பில்லையும் விடாதீங்க, துவரம்பருப்பு 2024ல உச்சத்துக்குப் போயி 2025ல இறங்கியிருக்கு, ரெண்டு முனையை மட்டும் பார்த்தா அது தெரியவே தெரியாது.

ஆக விலையால ஏறினது 1,900. மீதி 3,300 தம்பி வீட்டுக்கும் சேர்த்து சாமான் அளவு கூடினதால வந்தது, அரிசி 20 கிலோ 35 ஆயிருக்கு, எண்ணெய் 3 பாக்கெட் 6 ஆயிருக்கு. 2022ல உக்ரைன் போரால எண்ணெய் விலை எகிறின அதே நேரத்துல தம்பி வீட்டு சாமானும் சேர்ந்ததால, எல்லாமே விலைவாசின்னு நீங்க நினைச்சுட்டீங்க.

இதை கார்டுல போடறதுதான் உங்களை சாப்பிடுது. மாசம் மூணரை சதவீதம்னா 40,000க்கு வட்டியே 1,400, நீங்க கட்டற மினிமம் 2,000ன்னா அசல்ல 600தான் குறையுது. அதுவும் பாக்கி நிக்கறப்ப புதுசா வாங்கற அரிசி பருப்புக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும், ஃப்ரீ டைம்லாம் கிடையாது. வருஷத்துக்கு 42 சதவீதம் வட்டி கட்டிக்கிட்டு எந்த பாலிசியில போட்டு என்னத்தை ஜெயிக்கறது?

இந்த மாசத்துல இருந்து கடைக்கு யுபிஐ மட்டும். பில்லைத் தனியா பிரிங்க, தம்பி கையில 1,000 ரூபா காசா குடுங்க, "அண்ணே பத்தாது"ன்னு சொன்னாலும் அதுக்கு மேல இப்ப வேணாம், கடன் முடிஞ்சதும் பேசிக்கலாம். அந்த 3,300ல மிச்சமாகற 2,300ஐ, மினிமம் 2,000 கூட சேர்த்து கார்டுல கட்டினா ஏறக்குறைய ஒரு வருஷத்துல முடியும்.

உங்க வீட்டு மளிகைக்கு அடுத்த வருஷம் ஆறரை சதவீதம் கூட்டி 7,350 ஒதுக்குங்க. பால், கேஸ், ஸ்கூல் ஃபீஸுக்கு இந்த ஆறரையைப் போடாதீங்க, அதெல்லாம் வேற வேகத்துல ஏறும், தனித்தனியா பாருங்க. 2026லயும் ஜூன் பில்லையே எடுங்க, தீபாவளி, பொங்கல் மாச பில் கணக்கைக் கெடுத்துடும்.