தாமதமான ஆர்டரை முகம் முறியாமல் ரத்து செய்வது எப்படி?

"21 நாளில் தருவதாகச் சொன்ன 500 அட்டைப்பெட்டி 30 நாளாகியும் வரவில்லை. ரத்து செய்ய வேண்டும், ஆனால் பிறகும் இவரிடம் வாங்க வேண்டியிருக்கும். எப்படி எழுதுவது?"

எழுதுமுன் போன் செய்து, எத்தனை பெட்டி தயார், வண்டி ஏறிவிட்டதா என்று கேளுங்கள். ஏறிய சரக்கை ரத்து செய்தால் தகராறுதான் மிஞ்சும். உங்கள் பெயர் அச்சிட்ட பெட்டியை அவர் வேறு யாருக்கும் விற்க முடியாது. அதனால் 200 பெட்டி தயார் என்றால், அதை எடுத்துக்கொண்டு மீதி 300ஐ மட்டும் ரத்து செய்வது நல்லது.

தேதி கடந்தபின் "சீக்கிரம் அனுப்புங்க" என்று செய்தி அனுப்பியிருந்தீர்களா? அதை அவர் அவகாசம் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் முதலில் ஒரு கடைசித் தேதியை எழுத்தில் கொடுங்கள். அதுவும் தவறினால் இப்படி எழுதலாம்:

"வணக்கம். ஆர்டர் எண் 118இல் 12ஆம் தேதிக்குள் தருவதாகப் பேசியிருந்தோம். எங்கள் பேக்கிங் தேதி கடந்துவிட்டதால், அனுப்பாத 300 பெட்டிகளை ரத்து செய்கிறோம். அவற்றுக்கான முன்பணத்தை 200 பெட்டி பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆர்டருக்கு உங்களால் உறுதியாக முடிகிற நாள் கணக்கைச் சொல்லுங்கள். அதற்கேற்ப முன்கூட்டியே ஆர்டர் தருகிறோம்."

"ஏன் தாமதம்" என்ற விசாரணையைக் கடிதத்தில் வைக்காதீர்கள், அதைப் போனில் கேட்டுக்கொள்ளலாம். ரத்து கிடைத்ததாக அவரிடமிருந்து ஒரு வரி பதில் வாங்கிய பிறகே வேறு இடத்தில் ஆர்டர் கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு லோடும் ஒரே வாரத்தில் வந்து இறங்கும்.