மெடிக்கல் போர்டு ‘அலட்சியம் இல்லை’ என்று எழுதிவிட்டால் வழக்கு முடிந்ததா?

கேள்வி: என் 11 வயது மகன் விழுந்ததில் முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தது. தனியார் மருத்துவமனையில் மாலை மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைத்தார்கள். இரவு 10 மணிக்கு வலி தாங்காமல் கத்தினான். நர்ஸ் ஊசி போட்டார். 2 மணிக்கு விரல் மரத்துவிட்டது என்றான், மறுபடி ஊசி. டூட்டி டாக்டர் வரவே இல்லை. காலை 8.30க்கு வந்த டாக்டர் கட்டைப் பிரித்தார், 11 மணிக்கு அறுவை சிகிச்சை. இன்று அவன் விரல்கள் மடங்கியே இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டோம். ஆணையம் கேட்ட மெடிக்கல் போர்டு மூன்றே வரியில், ‘இது எலும்பு முறிவில் வரக்கூடிய சிக்கல்தான், சிகிச்சையில் அலட்சியம் இல்லை’ என்று அறிக்கை கொடுத்துவிட்டது. இனி வழியில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. போர்டின் அறிக்கை ஒரு சாட்சியம், தீர்ப்பு அல்ல. ஆனால் அதை நீங்கள் எதிர்க்காமல் விட்டால் அதுவே தீர்ப்பாகிவிடும்.

அறிக்கையின் முதல் பாதி சரிதான். கை முறிந்தால் உள்ளே வீங்கும், வீக்கத்தால் தசைகளுக்குள் அழுத்தம் ஏறும், ரத்த ஓட்டம் நின்று தசை சாகும். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பார்கள். எவ்வளவு கவனமாகக் கட்டுப் போட்டாலும் இது வரலாம்; வந்ததற்காக மட்டும் டாக்டரைக் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் வழக்கு அது வந்ததைப் பற்றியது என்றால் நீங்கள் தோற்பீர்கள். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில் யாரும் வந்து பார்க்கவில்லை என்பதுதான் உங்கள் வழக்கு. வரக்கூடிய சிக்கல் என்று தெரிந்திருந்தால், அதற்காகத்தானே இரவெல்லாம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? போர்டு இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. அவர்களிடம் அது கேட்கப்படாமலும் இருந்திருக்கலாம்.

டாக்டரிடம் சட்டம் எதிர்பார்க்கும் அளவுகோல் இங்கிலாந்தில் 1957இல் வந்த போலம் வழக்கிலிருந்து தொடங்குகிறது. அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒருவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படி நடந்தால் போதும். நாட்டிலேயே சிறந்த நிபுணராக இருக்க வேண்டியதில்லை. நம் உச்ச நீதிமன்றமும் ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) இதையே ஏற்றுக்கொண்டது. ‘பொறுப்புள்ள மருத்துவர்கள் சிலர் இப்படித்தான் செய்வார்கள்’ என்று நிபுணர் சொன்னால் டாக்டர் தப்பிக்கலாம் என்பது இதன் மறுபக்கம். அந்தக் கதவை முழுவதும் திறந்துவிடாமல் 1997இல் பொலித்தோ வழக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டது: நிபுணர்கள் ஆதரிக்கும் அந்த வழக்கம் தர்க்கத்துக்கு நிற்க வேண்டும், நிற்காவிட்டால் நீதிமன்றம் ஒதுக்கலாம்.

இந்த அளவுகோலை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொருத்திப் பாருங்கள். இரவுப் பணி நர்ஸ் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. புதுக் கட்டு போட்ட பிள்ளை ஊசிக்குப் பிறகும் வலி என்கிறான், விரல் மரத்தது என்கிறான் என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். டூட்டி டாக்டர் எலும்பு சிகிச்சை நிபுணராக இருக்க வேண்டியதில்லை. விரல்களை மெல்ல நீட்டிப் பார்த்து, வலி கூடினால் கட்டைத் தோல் தெரியும்வரை பிளந்து, சீனியரை அழைக்கத் தெரிந்திருக்க வேண்டும். நர்ஸ், டூட்டி டாக்டர் இருவரின் தவறுக்கும் மருத்துவமனை பொறுப்பாகும். கட்டுப் போட்ட டாக்டரை மட்டும் எதிர்மனுதாரராகச் சேர்த்திருந்தால், மருத்துவமனையையும் சேர்க்க மனு போடச் சொல்லுங்கள்.

அடுத்து அறிக்கை. ரமேஷ் சந்திர அகர்வால் வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் நிபுணரின் வேலையைத் தெளிவாக்கியிருக்கிறது: முடிவை மட்டும் சொன்னால் போதாது, எந்த ஆவணங்களைப் பார்த்தார், எந்தக் காரணத்தால் அந்த முடிவுக்கு வந்தார் என்பதையும் முன்வைக்க வேண்டும். அப்போதுதான் மருத்துவம் தெரியாத நீதிமன்றம் தானே எடைபோட முடியும். மூன்று வரி அறிக்கை இதில் தேறாது. போர்டுக்கு எந்தக் காகிதங்கள் போயின என்று ஆணையத்தின் கோப்பைப் பார்த்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போயிருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. அதில் அந்த இரவே இருக்காது. இரவு இருப்பது நர்சிங் குறிப்புகளிலும் மருந்துச் சீட்டிலும்தான். அவை உங்களிடம் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவ ஒழுங்குமுறை விதி. கொடுக்காவிட்டால் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஆணையத்திடமே மனு செய்யலாம்.

பிறகு அறிக்கைக்கு எழுத்துப்பூர்வமாக ஆட்சேபணை தாக்கல் செய்து, போர்டுக்கு வினாப்பட்டியல் அனுப்ப அனுமதி கேளுங்கள். ‘அலட்சியமா?’ என்று கேட்க வேண்டாம். அது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. மருத்துவத்தைக் கேளுங்கள். புதுக் கட்டுக்குப் பின் விரல்களை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்? ஊசிக்கு அடங்காத வலி எதன் அறிகுறி? குழந்தைக்கு வலி மருந்து மேலும் மேலும் தேவைப்படுவதே ஓர் எச்சரிக்கை இல்லையா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது: ‘கவனித்தோம், இரண்டு முறை ஊசி போட்டோம்’ என்று அவர்கள் காட்டும் சீட்டே அப்போது உங்கள் சாட்சியமாகிறது. ‘நாடித் துடிப்பு நன்றாக இருந்தது’ என்ற பதிலுக்கும் தயாராக இருங்கள். இந்தச் சிக்கலில் நாடி கடைசிவரை இருக்கக்கூடும். அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. அந்தப் பக்கங்களையும் தாக்கல் செய்யுங்கள்.

நிபுணரே இல்லாமல் ஜெயிக்க முடியாதா என்று கேட்பீர்கள். கிஷன் ராவ் வழக்கில் (2010) மலேரியா நோயாளிக்கு டைஃபாய்டு சிகிச்சை கொடுத்திருந்தார்கள்; எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். இரவு முழுக்க டாக்டர் வராததைச் சொல்ல நிபுணர் தேவையில்லைதான். ஆனாலும் நான் அதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். காரணம், தவறு நடந்தது என்பது பாதி வழக்குதான். அந்தத் தவறால்தான் கை போனது என்று காட்டுவது மறுபாதி. ரத்தம் நின்ற தசை சுமார் ஆறு மணி நேரத்தில் மீளாத நிலைக்குப் போகிறது. 10 மணியிலிருந்து எண்ணினால் 2 மணிக்கு நேரம் மிச்சமிருந்தது, 8.30க்கு இல்லை. இதை ஒரு எலும்பு சிகிச்சை மருத்துவர் பிரமாண வாக்குமூலமாகச் சொன்னால்தான் எடை கிடைக்கும். வேறு ஊரில் பணிபுரிபவரையோ ஓய்வு பெற்ற பேராசிரியரையோ அணுகுங்கள். உங்கள் பலவீனமும் இங்கேதான்: 2 மணிக் குறிப்பில் ‘விரல் அசைவு நன்று’ என்று எழுதியிருந்தால், சேதம் காலையில்தான் தொடங்கியது என்று வாதிடுவார்கள். அந்தப் பக்கத்தின் அசலை வரவழைத்து, மை, திருத்தம், கையெழுத்து எல்லாம் பாருங்கள்.

போலீஸில் புகார் கொடுக்கும் யோசனை இருந்தால், நான் பரிந்துரைக்கவில்லை. குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் தேவை. அதுவும் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வைத்த வரம்பு. அங்கே தோற்றால் அந்த உத்தரவை இங்கே உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள்.

ஆட்சேபணையை இந்த வாய்தாவிலேயே தாக்கல் செய்யுங்கள். ஆணையம் அதை நிராகரித்து வழக்கையும் தள்ளுபடி செய்தால், 45 நாளில் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். கீழே எதிர்க்காமல் விட்ட அறிக்கையை அங்கே போய் முதல்முறையாக எதிர்ப்பது மிகக் கடினம்.